அறுந்த ஒயரும் காலித் தொட்டியும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் தானியங்கி மோட்டார் பேனல் வைத்திருப்பவர்களிடம் பேசினால் இரண்டு புகார்கள் திரும்பத் திரும்ப வரும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் பேனலில் ‘தொட்டி காலி’ விளக்கு எரிகிறது, மோட்டாரும் நிற்காமல் ஓடுகிறது என்பது ஒன்று. லாரித் தண்ணீர் இறக்கி சம்ப் விளிம்புவரை நிற்கிறது, ஆனால் ‘சம்பில் தண்ணீர் இல்லை’ என்று பேனல் சாதிக்கிறது, மோட்டார் அசையவே இல்லை என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்டவுடன் அசோசியேஷனில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: பேனல் போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும்.

ஆனால் பல சமயம் பேனலில் ஒரு பழுதும் இருக்காது. கோளாறு தொட்டிக்குள் தொங்கும் ராடிலோ, அங்கிருந்து கீழே வரும் ஒயரிலோ இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுப் பேனல் மாட்டினாலும் மறுவாரமே அதே புகார் வரும். இதைப் புரிந்துகொள்ள, பேனலுக்குத் தண்ணீர் எப்படித் ‘தெரிகிறது’ என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மூன்று ராடு, ஒரு கேள்வி

குடியிருப்புகளில் பரவலாக இருப்பது ராடு வகை சென்சார். மேல்தொட்டிக்குள் துருப்பிடிக்காத எஃகு ராடுகள் மூன்று தொங்கும். மிக நீளமானது பொது ராடு. தொட்டியின் தரைக்குச் சற்று மேலே, எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும். அடுத்தது கீழ் ராடு. தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்கினால் மோட்டார் ஓட வேண்டுமோ அந்த உயரத்தில் முடியும். குட்டையானது மேல் ராடு. தண்ணீர் அதைத் தொட்டால் மோட்டார் நிற்க வேண்டும்.

பொது ராடுக்குப் பேனல் ஒரு சிறிய மின்னழுத்தத்தைக் கொடுக்கும். பெரும்பாலும் 12 வோல்ட்டோ அதற்கும் குறைவோதான்; தொட்டால் ஷாக் அடிக்காது. நாம் புழங்கும் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் கடக்கும். தண்ணீர் கீழ் ராடைத் தொட்டால் பொது ராடிலிருந்து அதற்கு மின்சாரம் போகும், இறங்கிவிட்டால் போகாது. பேனல் கேட்பது ஒரே கேள்விதான்: மின்சாரம் கடக்கிறதா, இல்லையா?

கீழ் ராடு, மேல் ராடு இரண்டிலும் ‘இல்லை’ என்று வந்தால் மோட்டாரை ஓட்டும். மேல் ராடில் ‘ஆம்’ வரும்வரை நிறுத்தாது. நின்றபின், கீழ் ராடில் மறுபடி ‘இல்லை’ வரும்வரை ஓட்டாது. இரண்டு ராடுகளுக்கும் இடையே உயர வித்தியாசம் வைப்பது இதற்காகத்தான். அது இல்லையென்றால் யாரோ ஒருவர் பல் தேய்க்கக் குழாயைத் திறந்தாலே மோட்டார் ஓடும், மூடியதும் நிற்கும்.

சம்புக்கும் இதே ஏற்பாடுதான், ஆனால் பதிலின் பொருள் தலைகீழ். அங்கே பொது ராடும் ஒரு கீழ் ராடும் இருக்கும். ‘ஆம்’ என்றால் சம்பில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ஓடலாம். ‘இல்லை’ என்றால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் கெடும். பம்பின் மெக்கானிக்கல் சீல் தண்ணீரால்தான் குளிர்கிறது. வறண்டு ஓடினால் சில நிமிடங்களிலேயே கருகிவிடும்.

எல்லாக் கோளாறுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. மின்சாரம் கடக்கவில்லை என்றால் தண்ணீர் இறங்கியிருக்கலாம், அல்லது நடுவில் ஒயர் அறுந்திருக்கலாம். பேனலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அறுந்தால் எங்கே ஆபத்து?

இப்போது இரண்டு தொட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சம்ப் ஒயர் அறுந்தால் ‘தண்ணீர் இல்லை’ என்று பேனல் எடுத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடும். குளிக்கத் தண்ணீர் வராது, எரிச்சலாக இருக்கும், ஆனால் சேதம் ஒன்றுமில்லை. மேல்தொட்டியின் பொது ஒயர் அறுந்தால் ‘தொட்டி காலி’ என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும். எவ்வளவு நிரம்பினாலும் அதற்குத் தெரியாது, தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும்.

ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நிலைமை திரும்பிவிடும். மேல்தொட்டியில் பொது ஒயரும் மேல் ராடின் ஒயரும் ஒட்டினால் தொட்டி எப்போதும் நிரம்பியிருப்பதாகத் தெரியும். மோட்டார் ஓடாது, தொட்டி காய்ந்துபோகும். சம்பில் ஒட்டினால், தரை தெரிய வறண்டிருந்தாலும் ‘தண்ணீர் உண்டு’ என்றே காட்டும். மோட்டார் எரிவது இப்படித்தான். ஆக, மேல்தொட்டியில் பயப்பட வேண்டியது அறுந்த ஒயருக்கு. சம்பில் பயப்பட வேண்டியது ஒட்டிய ஒயருக்கு.

விளக்குகளைக் கூர்ந்து பார்த்தால் எந்த ஒயர் என்பதையே கண்டுபிடித்துவிடலாம். தொட்டி வழியும்போது ‘காலி’ விளக்கு எரிந்தால் போனது பொது ஒயர். வழியும்போது ‘பாதி’ விளக்கு எரிந்தால், அதாவது கீழ் ராடு சரியாகத் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தால், போனது மேல் ராடின் ஒயர். தொட்டி வழியவில்லை, ஆனால் மோட்டார் அடிக்கடி கொஞ்ச நேரம் ஓடி ஓடி நிற்கிறது என்றால் கீழ் ராடின் ஒயரைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் மேல் ராடைவிட்டுச் சற்று இறங்கியதுமே கீழேயும் தண்ணீர் இல்லை என்று பேனல் நினைத்து ஓட்டிவிடுகிறது. தொட்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பவே மாட்டேன் என்கிறதா? கீழ் ராடின் ஒயரும் மேல் ராடின் ஒயரும் வழியில் எங்கோ ஒட்டியிருக்கும்.

ஒரு காலைநேரக் கோளாறு

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே மூன்று மாடி, 12 வீடுகள். மாடியில் 10,000 லிட்டர் தொட்டி, கீழே 20,000 லிட்டர் சம்ப், நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் ஏற்றும் ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார். சென்னையில் இப்படிப்பட்ட கட்டடம் தெருவுக்குத் தெரு உண்டு. காலையில் வாட்ச்மேன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறார்.

“தம்பி, டேங்க் ரொம்பி வழியுது. லைட்டு காலின்னு காட்டுது. என்னன்னு வந்து பாருங்க.”

“மேல தண்ணி இருக்கிறது அதுக்குத் தெரியலைங்கய்யா. இப்போதைக்கு மெயினை ஆஃப் பண்ணி வைங்க, வந்துடறேன்.”

விவரமான எலக்ட்ரீஷியன் முதலில் மாடிக்கு ஓடமாட்டார், பேனலையும் கழற்றமாட்டார். ஆஃப் செய்துவிட்டு, பேனலுக்குள் மேல்தொட்டி ஒயர்கள் வந்து சேரும் முனைகளில் பொது முனை, கீழ் முனை, மேல் முனை மூன்றையும் ஒரு துண்டு ஒயரால் இணைப்பார். பிறகு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார். ‘நிரம்பியது’ விளக்கு எரிந்து மோட்டார் ஓடாமல் இருந்தால் பேனல் நன்றாக இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. புதுப் பேனல் வாங்கும் செலவை மிச்சப்படுத்திவிடும்.

அடுத்து மாடி. தொட்டிக்கு வெளியே ஒயர்கள் சேரும் சின்னப் பெட்டியில் அதே துண்டு ஒயரை வைத்து இணைப்பார். கீழே ‘நிரம்பியது’ விளக்கு எரிந்தால் மாடிவரை ஒயர் நன்றாக இருக்கிறது, கோளாறு ராடில். எரியாவிட்டால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. இப்படிப் பாதை முழுவதையும் இரண்டாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே போவதுதான் முறை.

நம் எடுத்துக்காட்டில் பெட்டியைத் திறந்ததுமே காரணம் கண்ணில் படுகிறது. யாரோ செம்பு ஒயரை முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். மழையும் குளோரின் ஆவியும் புகுந்து முறுக்கிய இடம் பச்சை பூத்திருக்கிறது. தொட்டால் பொடியாக உதிர்கிறது. வெளியே பார்க்க ஒயர் முழுசாகத்தான் இருக்கிறது, ஆனால் மின்சாரம் போகாது.

ராடைச் சந்தேகித்தால் அதற்கும் எளிய சோதனை உண்டு. ராடுகளை வெளியே எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் வாளியில் இறக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு வரவில்லை என்றால் ராடின் நுனியைத் துடைத்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும். துடைத்தபின் வந்தால் படிவுதான் காரணம்.

உப்பு செய்யும் இரு வேலைகள்

போர்வெல் தண்ணீர் கலந்து புழங்கும் கட்டடங்களில் ராடின்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு ஏறும். வாளியின் அடியில் ஏறும் அதே படிவுதான். அது மின்சாரத்தைத் தடுக்கும், எனவே பேனலுக்கு அறுந்த ஒயர் போலத் தெரியும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு ஊறவைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும். தொட்டி கழுவும் ஒவ்வொரு முறையும் ராடையும் கழுவுவது என்று வைத்துக்கொண்டால் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை.

ராடுகள் மாட்டியிருக்கும் மூடியில் இதே உப்பு எதிர்வேலை செய்யும். சம்ப் மூடியின் உட்புறம் எப்போதும் வியர்த்திருக்கும். உப்பும் பாசியும் ஈரமும் சேர்ந்து ஒரு ராடிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போட்டுவிட்டால், கீழே தண்ணீர் இல்லாமலே ‘ஆம்’ என்ற பதில் போகும். மேலே சொன்ன ஆபத்தான ஒட்டல் இதுதான். இதைத் தவிர்க்க ராடுகளுக்கிடையே போதிய இடைவெளி வேண்டும்; ராடின் மேல்பகுதி முழுவதும் பிளாஸ்டிக் உறை போட்டு, நுனியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் வெறுமையாக விட வேண்டும்.

மலிவான பேனல்கள் சிலவற்றில் ராடுக்கு நேர்மின்சாரம் கொடுத்திருப்பார்கள். அப்போது தொட்டிக்குள் மின்பகுப்பு நடக்கும்: நேர்முனையில் இருக்கும் ராடு அரித்துக்கொண்டே வரும், எதிர்முனையில் வெள்ளைப் படிவு வேகமாக ஏறும். மாறுதிசை மின்சாரம் கொடுக்கும் பேனலில் திசை மாறிமாறிப் போவதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர் ராடு முனைகளில் அளந்து பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

இதற்கு மாறான ஒரு விசித்திரமும் உண்டு. மாடி மழைநீரை நேரே சம்புக்கு விடும் வீடுகளில், நல்ல மழைக்குப் பிறகு சம்ப் நிறைந்திருக்க, மோட்டார் ஓட மறுக்கலாம். மழைநீரில் உப்பு மிகக் குறைவு, எனவே மின்சாரமும் மிகக் குறைவாகவே கடக்கும். உணர்திறன் குறைந்த பேனலுக்கு அது போதாது. உணர்திறனைத் திருகிக் கூட்டும் வசதி உள்ள பேனலில் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும். அளவுக்கு மீறிக் கூட்டினால் மூடியின் ஈரத்தையே தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளும்.

ராடு மாட்டும் இடம்

மேல் ராடின் நுனி ஓவர்ஃப்ளோ குழாய்க்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். பொது ராடு தரையைத் தொடக் கூடாது. ஐந்து சென்டிமீட்டராவது மேலே இருந்தால் வண்டலில் புதையாது. தண்ணீர் வந்து விழும் குழாய்க்கு எதிர்மூலையில் மாட்டுவது முக்கியம். விழும் தண்ணீர் ராடுகள்மேல் தெறித்தால் தொட்டி நிரம்பிவிட்டதாக நினைத்து மோட்டார் பாதியில் நிற்கும். சம்பின் கீழ் ராடு, மோட்டாரின் ஃபுட் வால்வுக்கு ஓர் அடியாவது மேலே முடிய வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சுழித்துக் காற்றை உள்ளே இழுக்கும். சம்புக்குள்ளேயே மூழ்கி ஓடும் மோட்டார் என்றால் அதன் உடம்பு மூழ்கும் உயரத்துக்கு மேலே வைக்க வேண்டும்.

மாடியிலிருந்து கீழே வரும் ஒயரில் நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக இழுப்பது நல்லது. மோட்டாருக்குப் போகும் மின்கம்பி ஓடும் பைப்பிலேயே இதையும் நுழைத்தால், பக்கத்துக் கம்பியின் மின்சாரம் இதில் தூண்டப்பட்டுப் பேனலைக் குழப்பும். தனிப் பைப் போட வேண்டும். தண்ணீருக்குள் எந்த இணைப்பும் இருக்கவே கூடாது.

பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவே

சென்சார் பேனல் வெறும் மூளைதான். மோட்டாரின் மின்சாரத்தைச் சுமப்பது ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காண்டாக்டர். பேனலின் ‘ஓடு’ இணைப்பு ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானுக்கு இணையாகவும், ‘நில்’ இணைப்பு சிவப்புப் பொத்தானோடு தொடராகவும் சேர்க்கப்படும். மனிதர் அழுத்துவதைப் பேனல் அழுத்துகிறது, அவ்வளவுதான். ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் தொடக்கக் கெப்பாசிட்டர் உள்ள பழைய பெட்டி என்றால், பச்சைப் பொத்தானை ஓரிரு விநாடி அழுத்திப் பிடித்தால்தான் மோட்டார் சுழலும். அதற்கேற்ற பேனலை வாங்காவிட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், எம்.சி.பி. விழும்.

காண்டாக்டர் இல்லாமல், சின்னப் பெட்டிக்குள் உள்ள ரிலேயிலேயே ஒன்றரை குதிரைத்திறன் மோட்டாரை மாட்டிவிடுவதும் நடக்கிறது. மோட்டார் கிளம்பும் விநாடியில் வழக்கத்தைவிட ஐந்து ஆறு மடங்கு மின்சாரம் இழுக்கும். அதில் ரிலேயின் முனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதன் அடையாளம் தெளிவானது: ‘நிரம்பியது’ விளக்கு சரியாக எரிகிறது, சிவப்புப் பொத்தானை அழுத்தியாகிவிட்டது, ஆனாலும் மோட்டார் நிற்கவில்லை. அப்போது எம்.சி.பி.யை இறக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது.

இன்னோர் எச்சரிக்கை. பழைய ஸ்டார்ட்டரில் மின்சாரம் போய் வந்தால் மோட்டார் தானாகக் கிளம்பாது. தானியங்கிப் பேனல் இருந்தால் கிளம்பும். சம்பிலோ பம்பிலோ கை வைக்குமுன், பேனலை ‘மேனுவல்’ நிலைக்குத் திருப்பினால் போதும் என்று இருக்கக் கூடாது. மெயினையே இறக்க வேண்டும். அந்த ‘மேனுவல்’ நிலையில் வேறு ஆபத்தும் இருக்கிறது: பல பேனல்களில் அது சென்சார்களையே கண்டுகொள்ளாது. கோளாறான நாளில் அவசரத்துக்கு மாற்றிவிட்டு மறந்துபோனால், சம்ப் காய்ந்தாலும் மோட்டார் ஓடும்.

எதிர்ப்பக்கம் காவல்

மேல்தொட்டி ஒயர் அறுந்தால் வழியும் என்பது இந்த முறையோடு கூடப் பிறந்த குறை. நம் எடுத்துக்காட்டில் அது எவ்வளவு ஆகும் என்று பார்ப்போம். கீழ் ராடுக்கும் மேல் ராடுக்கும் இடையே 7,000 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறைந்த சம்பில் எடுக்கக்கூடியது சுமார் 18,000 லிட்டர். இரவில் யாரும் பார்க்காவிட்டால் 7,000 தொட்டிக்குப் போய், மீதி 11,000 லிட்டரும் ஓவர்ஃப்ளோவில் போகும். அதாவது 12,000 லிட்டர் லாரி ஒன்றில் வருவதில் பெரும்பகுதி இரண்டு மணி நேரத்துக்குள் சாக்கடைக்குப் போய்விடும். கடைசியில் மோட்டாரைக் காப்பாற்றுவது சம்பின் ராடு மட்டுமே.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது நேரக் கட்டுப்பாடு. 7,000 லிட்டர் ஏற 70 நிமிடம் ஆகும். காலையில் வீடுகளில் நிமிடத்துக்கு 20 லிட்டர் புழங்கினால் மேலே சேர்வது 80 லிட்டர்தான். அப்போது கிட்டத்தட்ட 88 நிமிடம் ஆகும். ஆக, டைமரை 110 நிமிடத்தில் வைத்துவிட்டால், என்ன கோளாறு வந்தாலும் மோட்டார் அதற்குமேல் ஓடாது. கீழ் ராடு மட்டத்திலிருந்து ஓடத் தொடங்கியிருந்தால், வீணாகும் தண்ணீர் 4,000 லிட்டரைத் தாண்டாது.

இரண்டாவது வழி இன்னும் உறுதியானது. மேல் ராடுக்குச் சற்று மேலே, ஓவர்ஃப்ளோவுக்குக் கீழே, தனியாக ஒரு மிதவை சுவிட்ச் மாட்டுவது. ராடுக்கு நேர்மாறாக இதை இணைக்க வேண்டும்: சாதாரணமாக இது மூடியிருக்கும், மின்சாரம் கடந்துகொண்டே இருக்கும்; தண்ணீர் மிதவையைத் தூக்கினால் திறந்து மோட்டாரை நிறுத்தும். இதன் ஒயர் அறுந்தாலும் மின்சாரம் நின்றுவிடுவதால் மோட்டாரும் நிற்கும். ராடின் ஒயர் எந்தப் பக்கம் தவறுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இது காவல் நிற்கிறது. 230 வோல்ட்டை நேரே தொட்டிக்குள் இறக்காமல், 24 வோல்ட் ரிலே ஒன்றின் வழியாகத்தான் இதை எலக்ட்ரீஷியன் இணைக்க வேண்டும்.

ராடு வேண்டாம் என்றால் தண்ணீரைத் தொடாமல் மேலிருந்து ஒலி அனுப்பி அளக்கும் சென்சார்களும், ஒயரில்லாமல் வானலையில் செய்தி அனுப்பும் கருவிகளும் கிடைக்கின்றன. உப்புப் படிவு, நெடிய ஒயர் ஆகிய தொல்லைகள் அவற்றில் இல்லை. ஆனால் ஒலி சென்சாரின் முகத்தில் ஆவி வியர்த்தால் அளவு தவறும். வானலைக் கருவியில் மாடிப் பெட்டியின் பேட்டரி தீரும். அவற்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: செய்தியே வராவிட்டால் நீ மோட்டாரை ஓட்டுவாயா, நிறுத்துவாயா?

எந்த வகையானாலும் பேனல் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டி வையுங்கள். எந்த நிற ஒயர் எந்த ராடுக்குப் போகிறது, ராடுகள் கடைசியாக எப்போது கழுவப்பட்டன, தொட்டி கீழ் ராடிலிருந்து மேல் ராடுவரை நிரம்ப வழக்கமாக எத்தனை நிமிடம் ஆகிறது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். மூன்றாவது விவரம் சென்சாரைத் தாண்டியும் உதவும். விளக்குகள் எல்லாம் சரியாக இருந்து, 70 நிமிடத்தில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது 100 நிமிடம் ஆகிறதென்றால், பார்க்க வேண்டிய ஆள் எலக்ட்ரீஷியன் அல்ல. ஃபுட் வால்வு அடைத்திருக்கிறதா, பம்பின் உள்சக்கரம் தேய்ந்திருக்கிறதா, எங்காவது குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க பிளம்பரையும் பம்பு மெக்கானிக்கையும் கூப்பிட வேண்டும்.